தக்காளி விலையும் இரண்டு கோடுகளும்

2023 ஜூலையில் சென்னையில் ஒரு கிலோ தக்காளி நூறு ரூபாயைத் தாண்டியபோது, நான் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓர் உழவர் குழுவுக்குச் சந்தை வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். அன்று கூடத்தில் வேறு எதைப் பற்றியும் பேச முடியவில்லை. ஆண்டின் முற்பகுதியில் பறிக்கும் கூலிக்குக்கூடக் கட்டாமல் பழத்தைச் செடியிலேயே விட்டவர்கள் அங்கே இருந்தார்கள். அவர்களில் ஒரு பெரியவர் எழுந்து நேராகக் கேட்டார்: “இப்போது ஒன்றரை ஏக்கருக்கும் தக்காளி நடலாமா, சார்?”

நான் பதில் சொல்வதற்குள் மண்டியில் கணக்கு எழுதும் இளைஞர் ஒருவர் முந்திக்கொண்டார். “இந்த விலை நிற்காது, ஐயா. விலை ஏறினால் ஜனங்கள் வாங்குவதைக் குறைத்துவிடுவார்கள். தேவை குறைந்தால் விலை தானாக இறங்கிவிடும்.”

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. விலை பிற்பாடு இறங்கவும் செய்தது. ஆனாலும் அவர் சொன்ன காரணம் தவறு. பொருளியல் படித்து வந்தவர்களிடமும் இதே தவற்றைப் பார்த்திருக்கிறேன். காரணத்தைத் தவறாகப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இறங்கினால் ஒரு பருவத்து உழைப்பு போய்விடும் என்பதால், அன்று கரும்பலகையில் வரைந்ததை அப்படியே இங்கே எழுதுகிறேன். ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு கூடவே வரைந்தால் நல்லது.

நேராக மேலே போகும் அச்சில் விலை, படுக்கையாகப் போகும் அச்சில் அளவு. கணக்குப் பாடம் படித்தவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-இல் வெளியிட்ட நூலிலிருந்து பொருளியலில் ஊன்றிப்போன வழக்கம் இது. அப்படியே ஏற்றுக்கொள்ளலாம்.

முதலில் தேவைக்கோடு. ஒரு சந்தையில் ஒரு நாள் வாங்க வருகிறவர்கள் எல்லோரையும் கேட்பதாக வைத்துக்கொள்வோம்: “கிலோ 20 ரூபாய் என்றால் எவ்வளவு எடுப்பீர்கள்? 40 என்றால்? 60 என்றால்? 80 என்றால்?” வரைவதற்கு எளிதாக நான் எடுத்துக்கொண்ட எண்கள் இவை: 20 ரூபாய்க்கு 90 டன், 40-க்கு 80 டன், 60-க்கு 70 டன், 80-க்கு 60 டன். நான்கு புள்ளிகளையும் சேர்த்தால் இடமிருந்து வலமாகச் சரியும் கோடு கிடைக்கும். சரிவு கடுமையாக இருப்பதைக் கவனியுங்கள். விலை இரண்டு மடங்கானாலும் ரசத்துக்கும் குழம்புக்கும் தக்காளி வேண்டும். வீட்டுக்காரர் நான்கு பழம் போடும் இடத்தில் மூன்று போடுவார், அடியோடு நிறுத்திவிட மாட்டார்.

அடுத்தது அளிப்புக்கோடு, எந்த விலைக்கு எவ்வளவு சரக்கு விற்க வரும் என்று காட்டுவது. பல மாதக் கணக்கில் பார்த்தால் இது மேல்நோக்கிப் போகும். விலை நன்றாக இருந்தால் கூடுதலாக நடுவார்கள். ஆனால் ஒரு நாள் காலைச் சந்தையில் கதை வேறு. விடியற்காலையில் லாரியில் வந்து இறங்கியதுதான் சரக்கு. பழுத்த பழத்தை நாளைக்கு என்று வைத்துக்கொள்ள முடியாது. விலை என்னவானாலும் வந்த 80 டன் விற்றாக வேண்டும். ஆகவே அன்றைய அளிப்புக்கோடு 80 டன்னில் நிற்கும் ஒரு செங்குத்துக் கோடு. அது தேவைக்கோட்டை வெட்டும் இடம் 40 ரூபாய். அதுதான் அன்றைய விலை.

இப்போது மழை பெய்கிறது, செடியில் இலைச்சுருட்டை நோய் பரவுகிறது, வரத்து 60 டன்னாகக் குறைகிறது. மழைக்கும் நோய்க்கும் விலையோடு சம்பந்தம் இல்லை. விலை 20 ஆக இருந்தாலும் 80 ஆக இருந்தாலும் வருவது அறுபதுதான். ஆகவே அளிப்புக்கோடு முழுவதையும் தூக்கி இடப்பக்கம் வைக்க வேண்டும். இதற்குப் பெயர்தான் கோட்டின் இடப்பெயர்ச்சி. 40 ரூபாய் விலையில் 80 டன் கேட்க ஆள் இருக்கிறது, சரக்கோ 60 டன். ஏலத்தில் ஒருவர் 45 என்கிறார், இன்னொருவர் 50 என்கிறார். விலை ஏற ஏற ஒவ்வொருவராகத் தங்கள் அளவைக் குறைத்துக்கொள்கிறார்கள். 80 ரூபாய்க்கு வரும்போது கேட்கிறவர்களின் அளவும் 60 டன் ஆகிவிடுகிறது, ஏலம் அங்கே நிற்கிறது. வரத்து கால் பங்கு குறைந்தது, விலை இரட்டிப்பானது. தேவைக்கோடு கடுமையாகச் சரிவதால் வந்த வினை இது.

அந்த இளைஞர் இந்த இடத்தில் எழுந்து வந்து சுண்ணக்கட்டியை வாங்கினார். தேவைக்கோட்டுக்கு இடப்பக்கம் புதிதாக ஒரு கோடு போட்டார். “இருபது டன் குறைவாக வாங்குகிறார்களே, அதைக் காட்ட வேண்டாமா?” என்றார். அவர் போட்ட கோடு 60 டன் வரத்தை 40 ரூபாயில் வெட்டியது. “பாருங்கள், விலை பழைய இடத்துக்கே வந்துவிட்டது” என்றார்.

அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். உங்கள் படத்தில் விலை 40 ரூபாய். மழைக்கு முன்னும் 40 ரூபாய். விலையே ஏறவில்லை என்றால் ஜனங்கள் எதற்காக இருபது டன் குறைத்தார்கள்?

அவர் சிறிது நேரம் பலகையைப் பார்த்துவிட்டுத் தாமே அந்தக் கோட்டை அழித்தார். விலை ஏறியதால் குறைந்த அந்த இருபது டன், பழைய தேவைக்கோட்டின் மேலேயே இருக்கிறது. 80 டன் – 40 ரூபாய் என்ற புள்ளியிலிருந்து 60 டன் – 80 ரூபாய் என்ற புள்ளிக்கு ஏறி வந்திருக்கிறோம், அவ்வளவுதான். அதை இன்னொரு கோடாகவும் போட்டால் ஒரே குறைவை இரண்டு முறை கணக்கில் எழுதியதாகிவிடும்.

எது கோட்டின் மேல் நகர்வு, எது கோடே நகர்வது என்று குழப்பம் வந்தால், நான் வகுப்பில் சொல்லும் சோதனை இது: விலை பழையபடி 40-க்கு வந்துவிட்டால் அவர்கள் பழையபடி 80 டன் வாங்குவார்களா? வாங்குவார்கள் என்றால் கோடு நகரவில்லை. முகூர்த்த நாட்கள் முடிந்து சமையல்காரர்கள் சரக்கெடுப்பதை நிறுத்தியிருந்தால், 40-க்குக் கொடுத்தாலும் பழைய அளவு போகாது. அப்போதுதான் தேவைக்கோட்டை இடப்பக்கம் நகர்த்த வேண்டும்.

சந்தையில் யாரும் நமக்குக் கோடு போட்டுக் காட்டுவதில்லை. நம் கண்ணுக்குத் தெரிவது கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளி மட்டுமே: இன்றைய விலை, இன்றைய வரத்து. அதனால் விலையை மட்டும் பார்த்து எந்தக் கோடு நகர்ந்தது என்று சொல்லவே முடியாது, வரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விலை ஏறி வரத்து குறைந்திருந்தால் அளிப்புக்கோடு இடப்பக்கம் போயிருக்கிறது; அந்த ஜூலையில் நடந்தது அது. விலையும் ஏறி வரத்தும் கூடியிருந்தால் தேவைக்கோடு வலப்பக்கம் போயிருக்கிறது. ஆயுத பூஜைக்கு முதல் நாள் பூசணிக்காய் லாரி லாரியாக வந்து இறங்கியும் விலை ஏறுவது இந்த வகை. இரண்டு கோடுகளும் ஒன்றாக நகர்வதும் உண்டு. தை மாதத்தில் பனியால் மல்லிகை வரத்து சுருங்கும், பொங்கலும் முகூர்த்தங்களும் தேவையைக் கூட்டும். இரண்டுமே விலையை மேலே தள்ளுவதால் மல்லிகை விலை ஏறும் என்று துணிந்து சொல்லலாம். விற்கும் அளவு கூடுமா குறையுமா என்பது எந்தக் கோடு அதிகம் நகர்ந்தது என்பதைப் பொறுத்தது.

அரசு அப்போது சென்னையில் நியாயவிலைக் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றது. அது விலையை இறக்குமா என்று கேட்டார்கள். சந்தைக்கு வராமல் இருந்த புதிய சரக்கைக் கொண்டுவந்தால் அளிப்புக்கோடு வலப்பக்கம் நகரும். இதே சந்தையில் வாங்கி விலையைக் குறைத்து விற்றால், வரிசையில் நின்று வாங்கியவருக்கு நிம்மதி; ஆனால் கோடு நின்ற இடத்தில்தான் நிற்கும்.

இனி பெரியவரின் கேள்வி. பலகையில் இருந்த தேவைக்கோட்டை அப்படியே கீழ்நோக்கி நீட்டினேன். வரத்து 90 டன் என்றால் விலை 20 ரூபாய். 100 டன் என்றால் கோடு அடி அச்சையே தொட்டுவிடுகிறது, அதாவது விலை பூஜ்யம். உண்மையில் அதுவரை போகாது. பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் கீழே விலை போனதும் பறிப்பதை நிறுத்திவிடுவார்கள். இருபது டன் குறைந்தால் 80 ரூபாய்க்கு ஏற்றிய அதே கோடுதான், இருபது டன் கூடினால் பழத்தை ரோட்டில் கொட்ட வைக்கிறது. வருடத் தொடக்கத்தில் செடியிலேயே பழத்தை விட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

“இன்று நட்டால் முதல் பறிப்பு எப்போது, ஐயா?” என்று கேட்டேன். “நாற்று நட்டு அறுபது, எழுபது நாளில்” என்றார். அப்படியானால் அவருக்குக் கிடைக்கப்போவது செப்டம்பரில் இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்து விலை. இன்றைய விலையைப் பார்த்து இன்று எத்தனை பேர் நடுகிறார்களோ, அத்தனை பேரின் பழமும் அளிப்புக்கோட்டை வலப்பக்கம் தள்ளும். அது எவ்வளவு தள்ளும் என்று எனக்கும் அன்று எண்ணாகச் சொல்ல வழியில்லை. ஆனால் அறிகுறி பார்க்க ஓர் இடம் உண்டு. குழித்தட்டில் நாற்று வளர்த்து விற்கும் பண்ணைக்கு போன் போட்டுத் தக்காளி நாற்று எப்போது கிடைக்கும் என்று கேட்கச் சொன்னேன். கூடத்திலேயே ஒலிபெருக்கியில் போட்டுப் பேசினார். மூன்று வாரத்துக்கு முன்பதிவு முடிந்துவிட்டது என்று பதில் வந்தது.

பெரியவர் அரை ஏக்கரில் மட்டும் தக்காளி வைத்தார். ஓர் ஏக்கரில் அவரை போட்டார். செப்டம்பரில் காய்கறிக்குத் தேவை கூடும் புரட்டாசி பிறந்தும் தக்காளி விலை தரைக்கு வந்தது. அந்த மாதம் அளிப்புக்கோடு நகர்ந்த தூரம் அவ்வளவு பெரியது. அவரைப் பந்தலில் பூ எடுத்திருப்பதாக அந்த வாரம் எனக்கு போன் செய்தார். கடைசி இரண்டு பறிப்புத் தக்காளியை மாட்டுக்குப் போட்டுவிட்டதாகவும் சொன்னார்.