கடன் கேட்டு மேலாளருக்கு மெயில் எழுதும்போது கணக்கையும் சேர்த்து எழுதுங்கள்

‘மளிகைக் கடை வைத்திருக்கிறேன். பிசினஸ் லோன் எவ்வளவு கிடைக்கும்? எப்போது வரலாம்?’ இப்படி ஒரு மெயில் வந்தால் மேலாளரால் பதில் எழுத முடியாது. எதற்கு, எவ்வளவு என்பது கடைக்காரரிடமிருந்துதான் வர வேண்டும்.

எதற்கு என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். ஃப்ரிட்ஜ், ரேக் வாங்க என்றால் மாதத் தவணையில் கட்டும் டேர்ம் லோன். சரக்குப் போட என்றால் சி.சி. எனப்படும் கேஷ் கிரெடிட் லிமிட், எடுத்த பணத்துக்கு, எடுத்த நாட்களுக்கு மட்டும் வட்டி.

சி.சி.க்குத் தொகையை எப்படிச் சொல்வது? சிறு தொழில்களுக்கு வங்கிகள் பின்பற்றும் நாயக் குழு முறை எளிது. வரும் ஆண்டில் எதிர்பார்க்கும் விற்பனையில் 25 சதவீதம் நடைமுறை மூலதனம். அதில் 20 வங்கி தரும், 5 உங்கள் கைப்பணம். இப்போது ஆண்டு விற்பனை 30 லட்சம், அடுத்த ஆண்டு 36 லட்சம் என்றால் தேவை 9 லட்சம். வங்கியிடம் கேட்கலாம் 7.20 லட்சம், உங்கள் பங்கு 1.80 லட்சம்.

சிக்கல் வருவது கணக்குப் புத்தகத்தில்தான். கல்லாவில் விழும் ரொக்கம் அப்படியே மொத்த வியாபாரிக்குப் போகிறது, க்யூ.ஆர். பணம் வீட்டம்மாவின் சேமிப்புக் கணக்கில் ஏறுகிறது. நடப்புக் கணக்கில் தெரிவது 14 லட்சம் மட்டுமே. அதை வைத்துப் போட்டால் 2.80 லட்சம்தான் வரும். இந்த இடைவெளியை மேலாளர் கண்டுபிடிக்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள். பின்னால் தெரிந்தால் மற்ற எண்களையும் நம்ப மாட்டார்.

மெயில் இவ்வளவு போதும்:

பொருள்: சி.சி. லிமிட் ரூ.7.20 லட்சம் – சந்திக்க நேரம் வேண்டி

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,
வணக்கம். தங்கள் கிளையில் நடப்புக் கணக்கு வைத்து (கடைசி நான்கு எண்கள் …) எட்டு ஆண்டுகளாக மளிகைக் கடை நடத்துகிறேன். உத்யம் பதிவு உள்ளது. ஆண்டு விற்பனை ரூ.30 லட்சம், அதில் ரூ.14 லட்சம் இக்கணக்கில் வந்துள்ளது. மீதி ரொக்கம், சேமிப்புக் கணக்கு வழி. கொள்முதல் பில்களும் அந்த ஸ்டேட்மென்ட்டும் உள்ளன. பக்கத்துக் கடையையும் எடுத்திருப்பதால் அடுத்த ஆண்டு ரூ.36 லட்சம் எதிர்பார்க்கிறேன். சரக்குக்கு ரூ.7.20 லட்சம் சி.சி. வேண்டும், என் பங்கு ரூ.1.80 லட்சம். 12 அல்லது 13ஆம் தேதி மாலை 4 மணிக்குமேல் 15 நிமிடம் ஒதுக்க இயலுமா?
(பெயர், கடை, கைபேசி எண்)

இதை மேலாளரின் சொந்த முகவரிக்கு அனுப்ப வேண்டாம், அவர் மாற்றலாகிப் போகலாம். வங்கியின் இணையதளத்தில் உள்ள கிளை முகவரிக்கே அனுப்புங்கள். ஆதார், பான் நகல்களை முதல் மெயிலிலேயே இணைக்காதீர்கள். மாதக் கடைசியையும், ஆண்டுக் கணக்கு முடிக்கும் மார்ச் பிற்பாதியையும் தவிர்த்துத் தேதி கேளுங்கள். ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் அந்த மெயிலின் அச்சுப் பிரதியோடு கிளைக்கு நேரில் போங்கள். வருமான வரிக் கணக்கும் பன்னிரண்டு மாத ஸ்டேட்மென்ட்டும் கையில் இருக்கட்டும்.