செயற்கை நுண்ணறிவு வரைந்த லோகோவும் வர்த்தக முத்திரைச் சட்டமும்

படம் வரைந்து தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் லோகோ கேட்டு வாங்குவோர், அது வேறொரு நிறுவனத்தின் பதிவு பெற்ற முத்திரையை ஒத்திருந்தால் பொறுப்பு தம்மையே சேரும் என்பதை அறிந்திருக்க வேண்டும். வர்த்தக முத்திரைச் சட்டம், 1999-இன் 29-ஆவது பிரிவு, வாங்குபவர் குழம்பக்கூடுமா என்றுதான் பார்க்கிறது. வேண்டுமென்றே நகலெடுத்ததாக நிரூபிக்கத் தேவையில்லை. உருவாகும் படம் உங்களுக்கே சொந்தம் என்று செயலியின் விதிமுறை சொல்லலாம், ஆனால் அந்த ஒப்பந்தம் மூன்றாம் நபரான முத்திரை உரிமையாளரைக் கட்டுப்படுத்தாது.

எவ்வளவு ஒத்திருந்தால் தவறு என்பதற்குப் பார்லே நிறுவனம் தொடுத்த பிஸ்கட் உறை வழக்கில் உச்ச நீதிமன்றம் 1972-இல் அளித்த தீர்ப்பு இன்றும் நல்ல அளவுகோல். இரண்டு உறைகளிலும் ஒரு கையை உயர்த்திய பெண், அருகே பசு, முன்புறம் கோழிகள், பின்னால் வேலியுடன் கூடிய பண்ணை வீடு. நுணுக்கங்கள் மட்டும் வேறுபட்டன. உறைகளை அருகருகே வைத்து வேறுபாடுகளை எண்ணக்கூடாது, முக்கிய அம்சங்கள் மனத்தில் விட்டுச்செல்லும் பதிவையே பார்க்க வேண்டும் என்று கூறி, நீதிமன்றம் பார்லேக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆகவே செயலி தந்த படத்தில் நிறத்தை மாற்றுவதும் ஒரு கோட்டை வளைப்பதும் போதாது.

மரச்செக்குத் தேங்காய் எண்ணெய் விற்பவருக்கு, வட்டத்துக்குள் ஒரு தென்னை மரம் கிடைத்திருப்பதாகக் கொள்வோம். இதை ஒத்த முத்திரை ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்க்க, வர்த்தக முத்திரைப் பதிவேட்டைத் தேடித் தரும் அரசின் ipindia.gov.in தளத்தின் Public Search பகுதியில் சொல்லை மட்டும் தேடினால் படம் அகப்படாது. படத்தின் கூறுகளுக்கு வியன்னா வகைப்பாட்டில் எண்கள் உண்டு. பனை, தென்னை இன மரங்களுக்கு 05.01.12. எனவே Vienna Code தேர்வில் 050112 என்றும், சமையல் எண்ணெய் அடங்கும் சரக்கு வகுப்பு 29 என்றும் கொடுத்துத் தேட வேண்டும். கூந்தலுக்கும் விற்பதானால் வகுப்பு 3-ஐயும் பார்ப்பது அவசியம். பதிவானவற்றோடு நிலுவையில் உள்ள விண்ணப்பங்களையும் கணக்கில் கொள்ள வேண்டும். தென்னை மரம் யாருக்கும் தனிச்சொத்தன்று. அதை வரைந்த விதமும் அமைப்பும் மற்றொன்றை நினைவூட்டினால்தான் சிக்கல்.

பாட்டில் வடிவமும் இச்சட்டத்தின்படி முத்திரையாகலாம். கோர்பச்சோவ் வோட்காவின் குவிமாடம் போன்ற பாட்டிலை ஒத்த பாட்டிலைப் போட்டி நிறுவனம் பயன்படுத்துவதற்கு 2011-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஆதலால் ‘இன்ன பிராண்ட் மாதிரி’ என்று செயலியிடம் ஒருபோதும் கேட்காதீர்கள். வழக்கு வந்தால் அந்த வரியே எதிரான சான்றாகும்.

பதிவேட்டில் ஒன்றும் இல்லையென்றாலும், பதிவு செய்யாமலே நீண்ட காலம் புழங்கும் முத்திரைக்காரர் 27(2) பிரிவு காப்பாற்றித் தரும் உரிமையின்படி வழக்குத் தொடரலாம். எனவே உங்கள் சரக்கு விற்கப்போகும் ஊர்களின் மளிகைக் கடை அலமாரிகளையும் இணையக் கடைகளையும் பார்த்த பிறகே லேபிள் அச்சிடக் கொடுங்கள்.