சேமிப்பு மாதக் கடைசியில் மிஞ்சாது, தேதியை மாற்றுங்கள்

இந்த மாதமும் ஒருவர் அதே சிக்கலோடு வந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, கைக்கு வரும் சம்பளம் 42,000 ரூபாய். ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி 5,000 ரூபாய் மியூச்சுவல் ஃபண்ட் எஸ்ஐபிக்குத் தானாகப் போக வங்கிக்கு மேண்டேட் கொடுத்திருந்தார். எட்டு மாதமாகப் பணம் சேர்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தார். ஸ்டேட்மென்ட்டைப் பார்த்தால் மூன்று தவணைதான் போயிருக்கிறது. அடுத்த மூன்றும் வரிசையாக பவுன்ஸ். அதோடு எஸ்ஐபி ரத்து. கடைசி இரண்டு மாதம் பணம் எடுக்க யாரும் வரவே இல்லை. அவர் கவனிக்கவும் இல்லை.

காரணம் எளிது. அவருடைய கம்பெனி சில மாதம் 31ஆம் தேதியே சம்பளம் போடும், சில மாதம் 5ஆம் தேதி ஆகிவிடும். 1ஆம் தேதி காலையில் டெபிட் வந்தபோது கணக்கில் இருந்தது 1,800 ரூபாய். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் வங்கி கட்டணம் பிடித்தது, அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி.

"இதுக்குத்தான் சார், செலவு போக மிச்சத்தை நானே போட்டுக்கறேன்" என்றார். இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. மிச்சம் என்று ஒன்று தானாக நிற்பதே இல்லை. கணக்கில் 9,000 ரூபாய் தெரிந்தால் 20ஆம் தேதி அந்த 9,000-க்கு ஏற்ற செலவு வந்துவிடும். 4,000 தெரிந்தால் அதே வீடு 4,000-இல் ஓடும். வாடகையை யாரும் மிச்சத்தில் கொடுப்பதில்லையே! ஆட்டோ டெபிட்டில் குற்றமில்லை, தேதியில்தான் குற்றம்.

கடைசி ஆறு மாத பாஸ்புக்கை எடுங்கள். சம்பளம் மிகத் தாமதமாக வந்த தேதி எது? அதிலிருந்து இரண்டு நாள் தள்ளி வையுங்கள். இவருக்கு 7ஆம் தேதி என்று மாற்றினோம். தொகையையும் 3,000 ஆகக் குறைத்தோம். மாதக் கடைசியில் போட்ட பணத்தைத் திரும்ப எடுக்க வேண்டி வந்தால் தொகை அதிகம் என்று அர்த்தம், நிறுத்தாதீர்கள், குறையுங்கள்.

இன்னொன்று. சிலர் வேறு சேமிப்புக் கணக்குக்குப் பணத்தை மாற்றிவிட்டு, அதையும் ஜிபேயில் இணைத்து வைத்திருக்கிறார்கள். அப்புறம் எதற்கு மாற்றினீர்கள்? தயவுசெய்து அந்தக் கணக்கை யுபிஐ ஆப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். சம்பளம் வரும் வங்கியிலேயே மாதாமாதம் பணம் கட்டும் ஆர்டி தொடங்குவது இன்னும் நல்லது. அவசரத்துக்கு உடைக்கலாம், ஆனால் டீக்கடை க்யூஆர் கோடுக்கு அது கைகொடுக்காது.

மாதம் ஒரு முறை, டெபிட் தேதிக்கு மறுநாள், வங்கி எஸ்எம்எஸ்ஸைப் பாருங்கள். பணம் போயிருக்கிறதா, திரும்பியிருக்கிறதா? முதல் தவணை திரும்பியதுமே தேதியை மாற்றக் கேளுங்கள். மூன்றாவது வரை காத்திருக்காதீர்கள்.