சிம்சன் கோட்டு நிறுவலில் முடிவு முன்கூட்டியே நுழையும் இடம்

வடிவியல் நிறுவல்களைத் திருத்தும்போது என்னை அதிகம் நிறுத்தி வைப்பவை தவறான வரிகள் அல்ல. எல்லா வரிகளும் உண்மையாக இருந்தும் எதையுமே நிறுவாத விடைகள்தாம். நிறுவ வேண்டிய தேற்றம் உண்மையானதாக இருக்கும்போது, அதை முன்கூட்டியே எடுத்துக்கொண்டு எழுதிய வரிகளும் படத்தில் சரியாகவே பொருந்தும். பாகைமானியால் அளந்து பார்த்தாலும் பிழை சிக்காது. ஆகவே ஒவ்வொரு வரியும் உண்மையா என்று பார்ப்பது போதாது. அதன் பக்கத்தில் எழுதிய காரணம் அந்த வரியைத் தருகிறதா என்று பார்க்க வேண்டும்.

சிம்சன் கோட்டுத் தேற்றத்தை எடுத்துக்கொள்வோம். முக்கோணம் ABC-யின் சுற்றுவட்டத்தில், A இல்லாத BC வில்லின் மேல் P என்ற புள்ளி இருக்கிறது. P-யிலிருந்து BC, CA, AB ஆகிய கோடுகளுக்கு வரையும் செங்குத்துகளின் அடிகள் முறையே D, E, F. இம்மூன்றும் ஒரே நேர்கோட்டில் அமையும் என்று நிறுவ வேண்டும். AB-யை B-க்கு அப்பால் நீட்டிய பகுதியில் F-உம், AC-யின் மேல் E-உம் விழுமாறு படம் வரைந்துகொள்வோம்.

அடிக்கடி காணும் விடை இப்படிப் போகும். D-யிலும் F-இலும் செங்கோணங்கள் இருப்பதால் P, D, B, F ஒரு வட்டத்தில் அமைகின்றன; எனவே ∠PDF = ∠PBF. அதேபோல் P, D, E, C ஒரு வட்டத்தில் அமைவதால் ∠PDE + ∠PCE = 180°. இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. அடுத்த வரியில் "∠PDF + ∠PDE = 180°, நேரிய கோணச் சோடி" என்று எழுதி, அதிலிருந்து ∠PBF = ∠PCE என்று பெற்று, ABPC வட்ட நாற்கரம் என்பதோடு இது பொருந்துகிறது, ஆகவே நிறுவப்பட்டது என்று முடித்துவிடுகிறார்கள்.

F, D, E ஒரே கோட்டில் இருந்தால்தான் அவை நேரிய கோணச் சோடி. நிறுவ வேண்டியதே அதுதான். இவ்விடை உண்மையில் காட்டுவது மறுதலையை: அடிகள் ஒரே கோட்டில் அமைந்தால் P சுற்றுவட்டத்தின் மேல் இருக்கும். அதுவும் நல்ல தேற்றமே, ஆனால் கேட்ட கேள்வி அதுவல்ல.

இதைக் கண்டுபிடிக்க நான் செய்வது P-யை வட்டத்தை விட்டுச் சற்று நகர்த்திப் பார்ப்பதுதான். P சற்றே கீழே இறங்கினாலும் செங்கோணங்கள் அப்படியே இருக்கும், அதனால் முதலிரண்டு வரிகளும் நிலைக்கும். ஆனால் FDE இப்போது D-யில் மடங்கிவிடும், நேரிய கோணச் சோடி என்ற வரி பொய்யாகும். அவ்வரிக்குச் சொன்ன காரணத்திலோ சுற்றுவட்டம் என்ற பேச்சே இல்லை. தரவு ஒன்றை நீக்கியதும் உடைகிற வரியின் காரணத்தில் அந்தத் தரவு வராவிட்டால், முடிவு அங்கேதான் உள்ளே நுழைந்திருக்கிறது.

சரியான நிறுவலில் சுற்றுவட்டம் நேரடியாக வேலை செய்யும். ABPC வட்ட நாற்கரம் என்பதால் B-யில் உள்ள வெளிக்கோணம் ∠PBF, எதிர் உள்கோணமான ∠PCA-க்குச் சமம். E, AC-யின் மேல் இருப்பதால் அதுவே ∠PCE. ஆகவே ∠PDF + ∠PDE = ∠PBF + (180° − ∠PCE) = 180°. F-உம் E-உம் PD-யின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதால் FDE நேர்கோடு. இரண்டு விடைகளிலும் ஏறக்குறைய அதே சமன்பாடுகள்தாம் வருகின்றன. மாறியிருப்பது வரிசை மட்டுமே. அதனால்தான் அவசரமாகத் திருத்தும் கண்ணுக்கு இது தப்பிவிடுகிறது.

இதே பிழை பெயரிடுவதிலும் ஒளிந்துகொள்ளும். ∠PED என்று எழுத வேண்டிய இடத்தில் ∠PEF என்று எழுதினாலோ, முக்கோணம் AFE-யின் பக்கத்தில் D இருப்பதாகக் கொண்டு கோணங்களைக் கூட்டினாலோ, காரணம் எதுவும் எழுதாமலேயே முடிவு எடுத்துக்கொள்ளப்பட்டுவிடும். படத்தில் FE என்ற கோட்டை வரையாமல், DF, DE ஆகியவற்றைத் தனித்தனித் துண்டுகளாக, வேண்டுமென்றே சற்று மடக்கி வரைந்துகொள்ளச் சொல்வேன். அப்படிப்பட்ட படத்தில் ∠PEF என்று எழுதக் கை வராது.

எதிரெதிர்ப் பக்கங்கள் என்ற அந்தச் சிறு வாக்கியத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சிலர் ∠BDF = ∠CDE என்று முறையாகவே காட்டி, இவை குத்தெதிர்க் கோணங்கள், ஆகவே FDE நேர்கோடு என்று முடிப்பார்கள். சமபக்க முக்கோணத்தின் மையத்தில் P-யை வைத்துப் பாருங்கள். D, E, F மூன்றும் பக்கங்களின் நடுப்புள்ளிகள். ∠BDF, ∠CDE இரண்டும் 60°. கோணங்கள் சமமாக இருந்தும் DEF ஒரு முக்கோணம்தான், ஏனெனில் இங்கே E-உம் F-உம் BC-க்கு ஒரே பக்கத்தில் இருக்கின்றன.