தேய்த்துத் தேய்த்துப் பல்லை மஞ்சளாக்காதீர்கள்

கல்யாணத்துக்கு ஆறு வாரம் இருக்கும்போது, போன மாதம் ஒரு பெண் அம்மாவோடு கிளினிக்குக்கு வந்தாள். வயது 26. நான்கு மாதமாகக் கரி கலந்த ஒயிட்னிங் பேஸ்ட், அதுவும் ஹார்டு பிரஷில், ஒரு நாளைக்கு மூன்று வேளை. அது போதவில்லை என்று ஆன்லைனில் பல்மேல் ஒட்டிக்கொள்ளும் ஒயிட்னிங் ஸ்ட்ரிப் வாங்கி, அரை மணி நேரம் வைக்கச் சொன்னதை ராத்திரி முழுக்க ஒட்டிக்கொண்டு தூங்கியிருக்கிறாள். "டாக்டர், தண்ணி குடிச்சாலே சுரீர்னு ஏறுது. ஆனா இன்னும் மஞ்சளாத்தான் இருக்கு, வேற நல்ல பேஸ்ட் எழுதிக் குடுங்க" என்கிறாள். இந்த வருஷத்தில் இப்படி எத்தனையாவது ஆள் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

வாயைத் திறந்து பார்த்தால், கோரைப்பல்லிலும் அடுத்த பல்லிலும் ஈறை ஒட்டி V வடிவத்தில் பள்ளம். நகத்தை வைத்தால் மாட்டும். பள்ளத்துக்குள் தெரிந்தது நல்ல மஞ்சள்.

அந்த மஞ்சள் அழுக்கு இல்லை. இதைத்தான் நான் தொண்டை வற்றச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பல்லின் மேலே இருக்கும் எனாமல் பாதி ஒளி ஊடுருவும் பொருள். அதற்குக் கீழே இருக்கும் டென்டின் பிறவியிலேயே மஞ்சள். மஞ்சள் துணிமேல் மெல்லிய வெள்ளை மல் துணியைப் போர்த்தினால் எப்படித் தெரியுமோ, அப்படித்தான் நம் எல்லோருடைய பல்லும். போர்வையைத் தேய்த்துத் தேய்த்து மெலிய வைத்தால் எது தெரியும்? உள்ளே இருக்கும் மஞ்சள்தானே? உடனே இன்னும் அழுத்தித் தேய்க்கிறீர்கள், இன்னும் மஞ்சளாகிறது. தேய்ந்த எனாமல் திரும்ப வளராது. ஈறை ஒட்டிய இடத்தில் எனாமல் ரொம்ப மெல்லிசு, ஈறு கொஞ்சம் இறங்கியிருந்தால் அங்கே எனாமலே கிடையாது. அதனால் முதலில் பள்ளம் விழுவது அங்கேதான்.

அப்போ ஒயிட்னிங் பேஸ்ட் பொய்யா என்றால், முழுப் பொய் இல்லை. அதில் இருக்கும் சிலிகா, கால்சியம் கார்பனேட் போன்ற துகள்கள் பல்லின் மேல் படிந்த டீ, காபி, வெற்றிலை, புகையிலைக் கறையைச் சுரண்டி எடுக்கும். அவ்வளவுதான். உள்நிறத்தை அவை தொடவே தொடாது. பேஸ்ட் டென்டினை எவ்வளவு தேய்க்கும் என்பதற்கு ஆர்டிஏ என்று ஓர் அளவு உண்டு, 250ஐத் தாண்டக்கூடாது என்பது சர்வதேச வரம்பு. ஆனால் அந்த எண்ணைப் பெரும்பாலான டப்பாக்களில் போடுவதில்லை. சிலவற்றில் நீல நிறமி கலந்திருப்பார்கள், வெள்ளை வேட்டிக்கு நீலம் போடுவது மாதிரிதான், கொஞ்ச நேரத்துக்குக் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும். (கிளினிக்கில் பல் க்ளீன் பண்ணினால் எனாமல் போய்விடும் என்று பயப்படுகிறவர்கள்தான் வீட்டில் கரியைப் போட்டுத் தேய்க்கிறார்கள். க்ளீனிங்கில் நாங்கள் எடுப்பது காரையையும் கறையையும்தான்.)

ஸ்ட்ரிப் வேறு வழியில் வேலை செய்கிறது. அதில் இருக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு எனாமலைத் தாண்டி டென்டினுக்குள் போய், அங்கே நிறம் தரும் மூலக்கூறுகளை உடைக்கிறது. உண்மையாகவே நிறம் குறையும். ஆனால் உள்ளே போகும் அதே பெராக்சைடுதான் நரம்பையும் எரிச்சலூட்டிக் கூச்சத்தைக் கொண்டுவருகிறது, ஈறில் பட்டால் வெளுத்துப் புண்ணாக்குகிறது. ராத்திரி முழுக்க வைத்தால் பல மடங்கு வெளுக்காது. பல் உலர்ந்து, காலையில் பளிச்சென்று தெரியும், ஈரம் ஏறியதும் கொஞ்சம் இறங்கிவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 0.1 சதவீதத்துக்கு மேல் 6 வரை பெராக்சைடு உள்ளதைப் பல் டாக்டருக்குத்தான் விற்கலாம், 18 வயதுக்குக் கீழே கூடாது. நம் ஆட்கள் எத்தனை சதவீதம் என்றுகூடப் படிக்காமல் ஒட்டிக்கொள்கிறார்கள்.

இந்தப் பெண்ணுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. பத்தாவது படிக்கும்போது சைக்கிளில் விழுந்து உடைந்த முன்பல்லில் ஃபில்லிங். பெராக்சைடு ஃபில்லிங்கையும் கேப்பையும் வெளுக்காது. சுற்றியிருக்கும் பல் வெளுத்ததில் அது மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு தெரிந்தது. எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னேன். சாஃப்ட் பிரஷ், கூச்சத்துக்கான பேஸ்ட், ஒரு க்ளீனிங். நிறம் நிலைக்கவும், பெராக்சைடிலிருந்து வந்து பல்லில் தங்கிய ஆக்சிஜன் வெளியேறவும் இரண்டு வாரம் காத்திருந்தோம், அது வெளியேறாமல் ஃபில்லிங் சரியாக ஒட்டாது. அப்புறம் பள்ளங்களை அடைத்து, முன்பல் ஃபில்லிங்கைப் புது நிறத்துக்கு மாற்றினோம். அழாத குறையாக உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு அன்றைக்குத்தான் முகம் தெளிந்தது.

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஃப்ளூரைடு தண்ணீரால் வந்த பழுப்புக் கறைக்கு எந்தப் பேஸ்ட்டும் உதவாது, தயவுசெய்து பிள்ளைகளின் பல்லைத் தேய்த்துக் கெடுக்காதீர்கள். சொத்தையோ கூச்சமோ இருந்தால் ஸ்ட்ரிப் வாங்கவே வேண்டாம். ஒரே ஒரு பல் மட்டும் கறுத்திருந்தால் உள்ளே நரம்பு செத்திருக்கலாம். அதன்மேல் எதையும் ஒட்டாமல், முதலில் எக்ஸ்ரே எடுக்க வாருங்கள்.