உழுந்து அரைக்க இந்த ஜார் தாங்குமா? படத்திலேயே பார்க்கலாம்

கடைக்காரர் வட்ஸ்அப்பில் அனுப்பும் கிறைண்டர் படம் எப்போதும் ஒரே மாதிரித்தான் இருக்கும். மூன்று ஜார்கள் வரிசையில் நிற்கும், முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு வாற் எண் இருக்கும். தோசைக்கு உழுந்து அரைக்க அது உதவுமா என்பதற்கு அந்தப் படத்தில் விடை கிடைக்காது. இன்னும் மூன்று படங்கள் கேட்டு வாங்குங்கள்: பெரிய ஜாரின் உட்புறம் மேலிருந்து, அதே ஜாரின் அடிப்பக்கம், மோட்டர்ப் பெட்டியைக் கவிழ்த்து அதன் அடியில் உள்ள தகடு.

முதலில் உட்புறம். ஊறிய உழுந்தும் தண்ணீரும் பிளேட் சுழல்கையில் ஒரே கட்டியாகக் கூடவே சுழலப் பார்க்கும். அப்படிச் சுழன்றால் பிளேட்டுக்கும் மாவுக்கும் இடையில் வேக வித்தியாசம் குறையும். நடுவில் குழி விழும், மா சுவரோடு ஒட்டி ஏறும், பிளேட் வெறும் காற்றில் சுற்றும். இதைத் தடுக்கத்தான் ஜாரின் சுவரில் உள்நோக்கி மூன்று நான்கு நீள்வரம்புகள் அழுத்தி எடுக்கப்பட்டிருக்கும். சுழன்று வரும் மா அவற்றில் மோதி மறுபடி நடுவுக்கு விழுகிறது. படத்தில் சுவர் வழவழவென்று இருந்தால், அது மிளகாய், மல்லி போன்ற உலர்ந்த பொருள் இடிக்கும் ஜார். உழுந்துக்கு அது சரிவராது.

அதே படத்தில் பிளேட்டையும் பாருங்கள். ஈரமான அரைப்புக்கான பிளேட்டில் பெரும்பாலும் இரண்டு முனைகள் மேல்நோக்கியும் இரண்டு கீழ்நோக்கியும் வளைந்திருக்கும். கீழ்நோக்கியவை அடித்தட்டைச் சில மில்லிமீற்றர் இடைவெளியில் தடவிப் போக வேண்டும். அந்த இடைவெளி விரல் நுழையும் அளவுக்கு இருந்தால் அடியில் தங்கும் உழுந்து அரைபடாது. தோசையில் கடிபடும் குறுணை அங்கிருந்துதான் வருகிறது.

இனி அளவு. பெட்டியில் 1.5 லீற்றர் என்று எழுதியிருப்பது விளிம்புவரை நிரப்பினால் கொள்ளும் அளவு. உண்மையான அளவைப் படத்திலிருந்தே எடுக்கலாம். வங்கி அட்டை ஒன்றை ஜாரின் வாய் விளிம்பில் வைத்து, நேர் மேலிருந்து படம் எடுக்கச் சொல்லுங்கள். அட்டையின் நீளம் 85.6 மில்லிமீற்றர். அட்டை மேசையிலும் வாய் மேலேயும் இருந்தால் கணக்குப் பிழைக்கும். போன் கமராவுக்குக் கிட்டவுள்ளது எப்போதும் பெரிதாகத் தெரியும். திரையில் அட்டை 4 சென்ரிமீற்றர், ஜாரின் உள்வாய் 5.6 சென்ரிமீற்றர் என்று வைப்போம். அப்படியானால் உள்விட்டம் 12 சென்ரிமீற்றர் வரும். உள்ளுயரம் 13 சென்ரிமீற்றர் என்றால் கொள்ளளவு ஏறக்குறைய 1.47 லீற்றர். ஆனால் ஜார் அடியில் சற்று ஒடுங்கும். ஆகவே 1.3 லீற்றர் என்று எடுப்பதே நியாயம். கெட்டி மாவுக்கு அதில் பாதியைத்தான் நிரப்பலாம், ஏனென்றால் உழுந்து அரைபடும்போது காற்றை வாங்கி எழும்பும். ஆக ஒரு தரத்துக்கு 650 மில்லிலீற்றர்.

ஐந்து பேருள்ள வீட்டுக்கு ஒரு சுண்டு உழுந்து போடுகிறோம் என்று வையுங்கள், ஏறக்குறைய 200 கிராம். ஊறியபின் அது இரட்டிப்புக்குக் கிட்ட வரும். அரைக்கும்போது விடும் 250 மில்லிலீற்றர் தண்ணீரையும் சேர்த்தால் 650 கிராம். ஜார் அப்படியே கொள்கிறது. யாழ்ப்பாணத்தில் பல வீடுகளில் கோதுமை மாவைப் பிறகு கையால் கரைத்துச் சேர்ப்பதால் கிறைண்டருக்கு உழுந்தும் வெந்தயமும் கொஞ்சம் பச்சையரிசியும்தான் வேலை. அரிசியை இரண்டாவது தரமாக அரைத்தால் போதும். முழுக்க அரிசி போட்டு இட்லிக்கு அரைப்பவர்களுக்கு இதே ஜாரில் மூன்று நான்கு தரம் ஆகும். அவர்களுக்குக் கல்லுக் கிறைண்டரே நல்லது.

இப்போது தகடு. முன்பக்க ஒட்டியில் 1000 என்றும் அடித்தகட்டில் 550 வாற் என்றும் இருந்தால், தகட்டையே நம்புங்கள். முன்னால் உள்ளது கணநேர உச்சமாக இருக்கலாம். தினமும் உழுந்து அரைக்க 750 வாற் தகடு வசதியானது. 500 வாற்றிலும் அரைபடும், ஆனால் நேரம் கூடும், மோட்டர் கொதிக்கும். வாற்றுக்குப் பக்கத்தில் நேரமும் எழுதியிருக்கும். 5 நிமிடம் ஓட்டி 2 நிமிடம் நிறுத்து என்ற மாதிரி இருந்தால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும்.

காரணம் மோட்டரின் இயல்பு. இதில் இருப்பது கரித்துண்டுகள் தேய்ந்து ஓடும் தொடர்ச்சுற்று மோட்டர். சுமை ஏற ஏற அதன் வேகம் குறையும், மின்னோட்டம் கூடும். மின்னோட்டம் இரட்டித்தால் சுருளில் வெப்பம் நான்கு மடங்கு. அதைக் குளிர்விக்கும் விசிறியும் அதே அச்சில்தான் இருக்கிறது, வேகம் குறைந்தால் காற்றும் குறையும். கூடுதலாகக் காற்று வேண்டிய நேரத்தில்தான் அது கிடைக்காமல் போகிறது. கெட்டி மாவில் சத்தம் அமுங்கி இறங்குவது இதன் முதல் அடையாளம். அப்போதே இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் விட வேண்டும். அடியில் சிவப்புப் பொத்தான் இருந்தால் அது மிகைச்சுமைக் காப்பு. படத்தில் கட்டாயம் தேடுங்கள். அது இல்லாத மோட்டரை உழுந்துக்கு எடுக்கவே கூடாது.

மாவும் சூடாகும். மோட்டர் 400 வாற் இழுத்து 3 நிமிடம் ஓடினால் 72 கிலோயூல். அதில் பாதி மாவுக்குள் போகிறது என்று கொண்டால் 650 கிராம் மா ஏறக்குறைய 16 பாகை சூடேறும். நம்மூர் 30 பாகைத் தண்ணீரில் தொடங்கினால் 46 பாகையில் முடியும். புளிக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கு அது கூடுதல், மா பொங்காமல் கிடக்கும். பிரிஜ்ஜில் வைத்த 5 பாகைத் தண்ணீரை விட்டால் தொடக்கமே 11 பாகை கீழிறங்கும், முடிவில் 35 பாகை வரும்.

தகட்டில் வோல்ற்றையும் பார்க்க மறக்கக்கூடாது. கனடாவிலிருந்து வரும் பெட்டியில் 120 என்றிருந்தால் நம்முடைய 230 வோல்ற்றில் செருகிய சில நொடியிலேயே சுருள் கருகலாம். லண்டனிலிருந்து வருவதற்கு அந்தச் சிக்கல் இல்லை.

பழைய கிறைண்டர் என்றால் ஜாரின் அடிப்பக்கப் படமே அதிகம் பேசும். நடுவிலுள்ள பற்சக்கரத்தைச் சுற்றிக் கறுப்புப் பசை கசிந்திருந்தால் உள்ளே அச்சின் புஷ்ஷும் இறப்பர்ச் சீலும் தேய்ந்துவிட்டன. அந்தக் கறுப்பு மாவிலும் இறங்கும். பற்களின் ஓரம் உருண்டிருந்தால் பாரம் ஏறும்போது வழுக்கும். மோட்டர்ப் பெட்டியின் மேல் அச்சைச் சுற்றிக் காய்ந்த மா வெள்ளையாக ஒட்டியிருந்தால் தண்ணீர் மோட்டருக்குள் போயிருக்கக்கூடும்.

சுருள் செம்பா அலுமினியமா என்பது எந்தப் படத்திலும் தெரியாது. அச்சின் ஆட்டமும் அப்படித்தான். அதற்குப் பத்து வினாடி வீடியோ ஒன்று போதும்: வெறும் ஜாரைக் கவிழ்த்துப் பிடித்து, பற்சக்கரத்தை இரண்டு விரலால் பக்கவாட்டில் ஆட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஆட்டம் கண்ணுக்குத் தெரிந்தால், விலையோடு ஒரு புது புஷ்ஷின் செலவையும் கூட்டிப் பாருங்கள்.