ரத்ததான முகாம்: படிவம் எதற்கு, கொடுத்த பிறகு எப்போது போன் செய்ய வேண்டும்

எப்படியும் ரத்தத்தைச் சோதிக்கத்தானே போகிறார்கள் என்று பலர் படிவத்தில் வரிசையாக ‘இல்லை’ என்று டிக் அடித்துவிடுகிறார்கள். ஆனால் சோதனையில் தெரியாததைத்தான் அந்தப் படிவம் கேட்கிறது. எச்ஐவி, மஞ்சள் காமாலைக் கிருமிகள் உடலில் புகுந்த முதல் சில நாட்களில், சில சோதனை முறைகளில் சில வாரங்கள் வரைகூட, முடிவு ‘இல்லை’ என்றே வரும். பச்சை குத்தியதையும் பாதுகாப்பற்ற உறவையும் பற்றிக் கேட்பது இதற்காகத்தான். பக்கத்தில் தெரிந்தவர்கள் இருந்தால் தயங்க வேண்டாம், தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். கொடுத்த பிறகு மனம் உறுத்தினாலும், ‘என் பையைப் பயன்படுத்த வேண்டாம்’ என்று ரத்த வங்கிக்குச் சொல்லிவிடலாம்.

மாத்திரைக் கேள்வியையும் அவசரத்தில் தாண்டாதீர்கள். தலைவலிக்காக நேற்று போட்ட ஆஸ்பிரினைப் பலர் மருந்தாகவே நினைப்பதில்லை. அது ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் ஒட்டும் திறனைக் கெடுக்கிறது. அந்தத் தட்டணுக்கள் பழைய நிலைக்குத் திரும்புவதே இல்லை. நீங்கள் சொன்னால் பெரும்பாலும் உங்களைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். உங்கள் பையிலிருந்து தட்டணுக்களை மட்டும் எடுக்காமல், சிவப்பணுக்களைப் பயன்படுத்திக்கொள்வார்கள். ஆன்டிபயாடிக் விஷயம் வேறு. அங்கே மாத்திரையைவிட, அதைச் சாப்பிட வைத்த தொற்றுதான் கவலை. அதனால் பெயரோடு காரணத்தையும் சொல்லுங்கள்.

ஊசியை எடுத்ததும் முழங்கையை மடக்காதீர்கள். மடக்கிப் பிடித்தால் பஞ்சு நகர்ந்து ரத்தம் தோலுக்கடியில் கசியும். மறுநாள் நீலம் பாரித்திருக்கும். கையை நீட்டி வைத்து, சில நிமிடங்கள் அழுத்திப் பிடியுங்கள். பதினைந்து நிமிடமாவது உட்கார்ந்து தண்ணீரோ ஜூஸோ குடித்துவிட்டுக் கிளம்புங்கள். அன்று முழுக்க அந்தக் கையால் பாரம் தூக்க வேண்டாம். மயக்கம் சில மணி நேரம் கழித்தும் வரலாம். நெடுநேரம் நிற்பதும் வெந்நீர்க் குளியலும் அதற்குத் தோது. வியர்த்து, காது அடைத்து, கண் இருட்டினால் அந்த இடத்திலேயே படுத்துக் காலை உயர்த்துங்கள். சுவரைப் பிடித்துச் சமாளிக்கப் பார்ப்பவர்கள்தான் விழுந்து அடிபடுகிறார்கள். கையில் மின்சாரம் பாய்ந்ததுபோல் வலித்தாலோ மரத்துப்போனாலோ நரம்பில் பட்டிருக்கலாம், உடனே சொல்லுங்கள்.

பிறகு வரும் காய்ச்சலைத்தான் பலரும் ரத்த வங்கியில் சொல்லாமல் விடுகிறார்கள். ஞாயிறு கொடுத்தீர்கள், செவ்வாய் காலை காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் என்று வையுங்கள். ஞாயிறன்றே கிருமி உங்கள் ரத்தத்தில் இருந்திருக்கலாம். சிவப்பணுக்கள் குளிர்பெட்டியில் ஒரு மாதத்துக்கு மேல் தாங்கும். தட்டணுக்களை 20 முதல் 24 டிகிரியில், அசைத்துக்கொண்டே, பொதுவாக ஐந்து நாட்கள்தான் வைக்கிறார்கள். அந்த வெப்பத்தில் பாக்டீரியா நன்றாகப் பெருகும். புதன்கிழமைக்குள் அந்தப் பை, எதிர்ப்பு சக்தியே இல்லாத ஒரு புற்றுநோயாளிக்கு ஏறிவிடலாம். ஆகவே டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து சொல்லலாம் என்று காத்திருக்காமல், செவ்வாய் காலையே கூப்பிடுங்கள். கொடுத்த தேதியும், அட்டையில் எழுதியிருக்கும் பை எண்ணும் போதும். அந்தப் பையிலிருந்து பிரித்த எல்லாவற்றையும் தேடி நிறுத்திவைப்பார்கள்.